சராசரிகளை வைத்துக் கோடு போடும்போது எண்ணிக்கையை நிறையாகக் கொடுப்பது சரியா? (8 குளம், 3 விடை)

உப்பாறு_22 எழுதியது:

வணக்கம். மீன்வளத்தில் முதுகலை ஆய்வேட்டுக்காக வனாமி இறால் குளங்களில் தரவு எடுத்திருக்கிறேன். கேள்வி எளிதானது, ஆனால் மூன்று பேர் மூன்று விடை சொல்கிறார்கள்.

ஒரே பண்ணையில் 8 குளம். குஞ்சு விட்ட அடர்த்தி குளத்துக்குக் குளம் வேறு, ச.மீட்டருக்கு 30 முதல் 60 வரை (60-க்கு மேல் போக விதியில் இடமில்லை). 60-ஆம் நாள் வீச்சு வலை போட்டு, அகப்பட்டதை மொத்தமாக நிறுத்து, எண்ணி, வகுத்துச் சராசரி எடை எடுத்தேன். எல்லாக் குளத்திலும் ஒரே அளவு பிடிக்க முடியவில்லை. மழை, ஆள் இல்லாமை என்று பல காரணம். சில குளத்தில் 10 இறால்தான், இரண்டு குளத்தில் 160.

```r
x <- c(30,30,40,40,50,50,60,60)   # அடர்த்தி
n <- c(10,160,20,40,20,10,160,40) # பிடித்த எண்ணிக்கை
y <- c(10.6,9.4,9.9,9.3,9.2,8.5,9.0,8.0) # சராசரி எடை, கிராம்
```

அடர்த்தி கூடினால் எடை எவ்வளவு குறைகிறது என்பதுதான் தேவை. சாதாரண மீச்சிறு வர்க்கக் கோட்டில் சாய்வு -0.0525. அதாவது ச.மீட்டருக்கு 10 குஞ்சு கூடினால் அரை கிராம் குறைகிறது. `weights = n` கொடுத்தால் -0.0234, பாதிக்கும் கீழே. பைதானில் ஒரு நண்பர் போட்டுக் கொடுத்தது -0.0156. வழிகாட்டி நிறை கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்கிறார். எதை எழுதுவது?

ஒரு குறிப்பு: எடை என்ற சொல் இரண்டு பக்கமும் இடிக்கிறது. இறாலுடையதை எடை என்றும், சமன்பாட்டில் கொடுப்பதை நிறை என்றும் எழுதுகிறேன்.

---

பைதான்பித்தன் எழுதியது:

உங்கள் வழிகாட்டி சொல்வது சரி, இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஒரு இறாலின் எடையில் உள்ள மாறுபாடு σ² என்றால் n இறாலின் சராசரியில் σ²/n. நிறை என்பது மாறுபாட்டின் தலைகீழ். σ² எல்லாக் குளத்துக்கும் பொது என்பதால் அது கழன்றுவிடும், மிச்சம் n. 10 இறாலின் சராசரியை 160 இறாலின் சராசரிக்குச் சமமாக உட்காரவைப்பது தப்பு.

நானும் ஓட்டிப் பார்த்தேன், `np.polyfit(x, y, 1, w=n)`. எனக்கும் -0.0156 தான் வருகிறது. R ஏன் -0.0234 காட்டுகிறது என்று புரியவில்லை. அதில் ஏதோ தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

---

எண்ணாயிரம் எழுதியது:

R சரியாகத்தான் கொடுக்கிறது. `polyfit` கேட்பது வேறு. அதில் `w` எச்சத்தை வர்க்கப்படுத்துவதற்கு முன்பே அதோடு பெருக்கப்படுகிறது. நீங்கள் n கொடுத்தால் வர்க்கத்துக்குப் பிறகு அது n² ஆகிவிடும். 160-க்கும் 10-க்கும் உள்ள 16 மடங்கு, 256 மடங்கு ஆகிறது. `w=np.sqrt(n)` கொடுத்துப் பாருங்கள், -0.0234 வரும். R-இன் `lm`, statsmodels-இன் `WLS` இரண்டும் வர்க்கத்தின் மேல் நிறை வைப்பவை, அவற்றுக்கு n போதும். `curve_fit` கேட்பது இன்னொன்று, அங்கே `sigma` என்று திட்ட விலக்கத்தையே கொடுக்க வேண்டும். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்ளாதவரை நான் பார்த்ததில்லை, நானும் குழப்பியிருக்கிறேன்.

-0.0156 எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 160 உள்ள இரண்டு குளத்தை மட்டும் இணைத்தால் 9.4-இலிருந்து 9.0, 30 அலகு தூரம், சாய்வு -0.0133. மீதி 6 குளம் ஏறக்குறைய இல்லாதது போலத்தான்.

ஆக மூன்றில் ஒன்று போயிற்று. மீதி இரண்டில் எது என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்கு "நிறை n, முடிந்தது" என்று நான் சொல்ல மாட்டேன்.

---

பைதான்பித்தன் எழுதியது:

sqrt போட்டேன், -0.0234. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆவணத்தில் எழுதியே இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை.

ஆனால் நிறை n என்பதில் என்ன சந்தேகம்? கணக்கு நேரானது.

---

மீனா_டீச்சர் எழுதியது:

எங்கள் பள்ளியிலும் இதே சிக்கல்தான். 10-ஆம் வகுப்பில் 4 பிரிவு, ஒன்றில் 52 பிள்ளைகள், ஒன்றில் 19. நான்கு பிரிவின் சராசரியைக் கூட்டி நாலால் வகுத்து மேலே அனுப்பினார்கள். தப்பு என்று சொன்னேன். ஒவ்வொரு சராசரியையும் பிள்ளைகள் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டி, மொத்தப் பிள்ளைகளால் வகுக்க வேண்டும். நீங்களும் அப்படிச் செய்தால் போதுமே, கோடு எதற்கு?

---

உப்பாறு_22 எழுதியது:

டீச்சர், உங்கள் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் பரீட்சை எழுதியவர்கள், மொத்தப் பள்ளியின் சராசரி வேண்டும், அதற்கு அது சரி. எனக்கு மொத்தப் பண்ணையின் சராசரி வேண்டாம். அடர்த்தி மாறும்போது எடை எப்படி மாறுகிறது என்பதுதான் வேண்டும். அப்புறம் 160 பிடித்த குளத்தில் இறால் 160 மட்டும் இல்லையே, லட்சக்கணக்கில் இருக்கும். நான் பிடித்த எண்ணிக்கை குளத்தின் அளவைச் சொல்வதில்லை.

---

தரவுத்தச்சன் எழுதியது:

நிறையெல்லாம் எதற்கு? ஒவ்வொரு குளத்தின் வரியையும் n தடவை நகல் எடுத்து, 460 வரியாக்கிச் சாதாரணக் கோடு போடுங்கள். அதே -0.0234 தான் வரும், ஆனால் எவ்வளவு உறுதியாக வருகிறது பாருங்கள். திட்டப் பிழை 0.0012. சாய்வு அதைப்போல 19 மடங்கு. வழிகாட்டி வாயைத் திறக்க மாட்டார்.

---

எண்ணாயிரம் எழுதியது:

அந்த 19 பொய். சாய்வு ஒன்றாக வருவதால் முறையும் ஒன்று என்று நினைத்துவிட்டீர்கள்.

நகல் எடுத்த தாளில் 4-ஆம் குளத்தின் 40 இறாலும் அச்சடித்தது போல ஒரே எடை, 9.3 கிராம். ஒரு குளத்துக்குள் இறாலுக்கு இறால் வேறுபாடே இல்லை என்று கணினியிடம் சொல்கிறீர்கள். மேலும் 460 தகவல் இருப்பதாக எண்ணி அது 458-ஆல் வகுக்கிறது. இருப்பது 8 குளம், கோட்டுக்கு 2 போனால் 6. இரண்டுக்கும் சாய்வு ஒன்று, எச்ச வர்க்கக் கூடுதலும் ஒன்று (57.1), வகுக்கும் எண் மட்டும் வேறு. `lm` நிறையோடு தரும் திட்டப் பிழை 0.0106. உங்களுடையது அதில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. ஸ்டேட்டாவில் இதற்குத்தான் `aweight`, `fweight` என்று இரண்டு வைத்திருக்கிறார்கள். சராசரிக்கு முதலாவது, நகலுக்கு இரண்டாவது. மாற்றிக் கொடுத்தாலும் அது எச்சரிக்காது.

உப்பாறு, ஒரு கேள்வி. ஏதாவது ஒரு குளத்திலாவது இறால்களைத் தனித்தனியாக நிறுத்தீர்களா? இல்லாவிட்டால் இதற்கு மேல் பேச வழியில்லை.

---

உப்பாறு_22 எழுதியது:

7-ஆம் குளத்தில் 50 இறாலைத் தனித்தனியாக நிறுத்தேன். ஒவ்வொன்றையும் துணியில் ஒற்றி ஈரம் எடுத்துவிட்டு டிஜிட்டல் தராசில் வைக்க இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. அதனால்தான் மற்ற குளத்தில் செய்யவில்லை. திட்ட விலக்கம் 1.8 கிராம்.

---

எண்ணாயிரம் எழுதியது:

இந்த 1.8 தங்கம்.

`weights = n` கொடுத்து R ஓட்டினால் அடியில் Residual standard error என்று ஒரு எண் வரும். இந்த இடத்தில் அதற்கு ஒரு தெளிவான பொருள் உண்டு. பித்தன் சொன்னபடி, சராசரி கோட்டிலிருந்து விலகுவது வெறும் பிடிப்புத் தற்செயலால் மட்டும் என்றால், அந்த எண் தனி இறாலின் திட்ட விலக்கத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். உங்களுக்கு 1.8 வர வேண்டும். வருவது என்ன? 3.08.

தற்செயலாக இருக்குமா? 57.1-ஐ 1.8²-ஆல், அதாவது 3.24-ஆல் வகுத்தால் 17.6. 6 கட்டின்மைக்குக் கை-வர்க்க அட்டவணையில் நூற்றில் ஒரு தடவைதான் 16.8-ஐத் தாண்டும். இங்கே தாண்டிவிட்டது. ஆக இறாலுக்கு இறால் வேறுபாடு மட்டும் இந்த விலகல்களுக்குக் காரணம் இல்லை. இன்னொன்று இருக்கிறது.

அந்த இன்னொன்று குளத்துக்குக் குளம் உள்ள வேறுபாடு. ஒரே அடர்த்தியில் இரண்டு குளம் வைத்தாலும், ஒன்றில் மண் வேறு, ஏரேட்டர் நிற்கும் இடம் வேறு, தீவனம் போடும் ஆள் வேறு. இரண்டிலும் எல்லா இறாலையும் பிடித்து நிறுத்தாலும் சராசரி ஒன்றாக வராது. இந்த வேறுபாடு நீங்கள் எத்தனை இறால் பிடித்தாலும் குறையாது. 160 பிடித்தால் அந்தக் குளத்தின் சராசரியை நன்றாகத் தெரிந்துகொள்கிறீர்கள், அவ்வளவுதான். அந்தக் குளம் கோட்டின் மேல் உட்கார வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஆக ஒரு சராசரியின் மாறுபாடு σ²/n அல்ல, τ² + σ²/n. τ² என்பது குளங்களுக்கு இடையே உள்ளது. n எவ்வளவு பெரிதானாலும் τ² அப்படியே நிற்கும். பித்தனுடைய கணக்கில் தப்பில்லை. ஆனால் τ² பூஜ்யம் என்று வாய்விட்டுச் சொல்லாமல் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

τ²-ஐத் தோராயமாகக் கையாலேயே எடுக்கலாம். நிறையில்லாத கோட்டில் எச்ச வர்க்கங்களைக் கூட்டினால் 1.70, அதை 6-ஆல் வகுத்தால் 0.284. ஒரு குளச் சராசரி கோட்டிலிருந்து மொத்தமாக விலகும் மாறுபாடு இது. இதில் பிடிப்பால் வருவது எவ்வளவு? 3.24-ஐ ஒவ்வொரு n-ஆலும் வகுத்து எட்டுக்கும் சராசரி எடுத்தால் 0.147. கழித்தால் 0.137. 0.14 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 10 பிடித்த குளத்தின் மாறுபாடு 0.14 + 0.324 = 0.464. 160 பிடித்ததற்கு 0.14 + 0.020 = 0.160. தலைகீழாக்கினால் இரண்டுக்கும் உள்ள விகிதம் 16 அல்ல, 2.9.

```r
v  <- 0.14 + 1.8^2 / n
m3 <- lm(y ~ x, weights = 1/v)
summary(m3)
```

ஓட்டிவிட்டு வந்து சொல்லுங்கள்.

---

உப்பாறு_22 எழுதியது:

சாய்வு -0.0399, திட்டப் பிழை 0.015. Residual standard error 1.045.

அடியில் வரும் எண் இப்போது 1-க்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. இதற்கு ஏதாவது பொருள் உண்டா?

---

எண்ணாயிரம் எழுதியது:

உண்டு. இந்தத் தடவை நீங்கள் நிறையாகக் கொடுத்தது விகிதம் அல்ல, மாறுபாட்டின் முழு மதிப்பின் தலைகீழ். மாறுபாடுகளைச் சரியாக ஊகித்திருந்தால் அந்த எண் 1 வர வேண்டும். இதைச் சாட்சியாகப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஏனென்றால் 0.14-ஐ இதே தரவிலிருந்துதான் எடுத்தோம். 2 அல்லது 3 வந்திருந்தால் எங்கோ பிசகு என்று தெரிந்திருக்கும், அந்த அளவுக்குத்தான் பயன்.

`weights = n` ஏன் இவ்வளவு இழுத்தது என்றும் பாருங்கள். மொத்தம் 460 இறாலில் 320 இரண்டே குளத்திலிருந்து. 70 விழுக்காடு நிறை அங்கே. அந்த இரண்டும் x-இன் இரண்டு முனையில், 30-இலும் 60-இலும் உட்கார்ந்திருக்கின்றன, முனையில் இருப்பவைதான் சாய்வைத் திருப்பும். தற்செயலாக 30-இல் உள்ளது தன் ஜோடியைவிட மெலிந்தது, 60-இல் உள்ளது தன் ஜோடியைவிடக் கொழுத்தது. இரண்டும் சேர்ந்து கோட்டைப் படுக்கவைத்துவிட்டன.

---

பைதான்பித்தன் எழுதியது:

புரிகிறது, ஆனால் இரண்டு நெருடல்.

ஒன்று, 8 குளத்தை வைத்து τ² எடுப்பது நம்பும்படி இருக்கிறதா? 0.14 என்பதை இரண்டு தசம இடத்துக்குச் சொல்கிறீர்கள், அது 0.05-ஆகவும் இருக்கலாம், 0.4-ஆகவும் இருக்கலாம்.

இரண்டு, நிறை விகிதம் 2.9-தான் என்றால், நிறையே இல்லாமல் -0.0525 என்று எழுதிவிட்டுப் போனால் என்ன கெட்டுப்போகும்?

---

எண்ணாயிரம் எழுதியது:

முதல் நெருடல் நியாயமானது. 8 குளத்தில் வரும் τ² ஆட்டம் காணும். வேறு வழியில், `weights = n` ஓட்டத்தின் 57.1-இலிருந்து எடுத்தால் எனக்கு 0.19 வருகிறது. அதனால் ஒரே எண்ணில் தொங்காமல் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். 0.05 கொடுத்தால் சாய்வு -0.033. 0.4 கொடுத்தால் -0.046. திட்டப் பிழை 0.015 என்று வைத்துக்கொண்டால் இந்த வீச்சு முழுவதும் ஒரு திட்டப் பிழைக்குள் அடங்கிவிடுகிறது. τ² பூஜ்யம் என்ற ஊகம் மட்டும்தான் தனியாக -0.023-க்குப் போகிறது. τ²-ஐ நுணுக்கமாகத் தெரிந்துகொள்வதைவிட அது பூஜ்யம் இல்லை என்று தெரிந்துகொள்வதுதான் இங்கே முக்கால் வேலை.

இரண்டாவதற்கு, பெரிதாக ஒன்றும் கெடாது. நிறையில்லாத கோடு ஒருபக்கப் பிழை இல்லாததுதான், திறமை கொஞ்சம் குறைவு. τ² பெரிதாகப் பெரிதாக நிறையுள்ள கோடு நிறையில்லாத கோட்டை நோக்கித்தான் போகும். 1930-களின் கடைசியில் ரோதம்ஸ்டெட்டில் யேட்ஸும் கோக்ரனும் பல ஊர் வயல் சோதனைகளைச் சேர்க்கும்போது இதையேதான் சொன்னார்கள். ஊருக்கு ஊர் பலன் மாறும் இடத்தில் துல்லியத்தை மட்டும் பார்த்து நிறை கொடுத்தால் ஒன்றிரண்டு சோதனை மற்றதையெல்லாம் விழுங்கிவிடும், சாதாரணச் சராசரியே பல நேரம் மேல். நான் வயல் சோதனைக்காரன், நெல்லில் இதைப் பார்த்துப் பார்த்துத்தான் `weights = n` என்றாலே கை தயங்குகிறது.

n தான் சரி என்னும் இடமும் உண்டு. ஒரே கரைசலை ஒரே கருவியில் 3 தடவை, 12 தடவை என்று அளந்து சராசரி எடுத்துத் தரக்கோடு போடுகிறீர்கள், வேறு எந்த வேறுபாடும் நுழைய இடமில்லை என்றால் நிறை n. அங்கும் அடியில் வரும் எண்ணைக் கருவியின் திட்ட விலக்கத்தோடு ஒப்பிட்டுவிட்டுத்தான்.

---

தரவுத்தச்சன் எழுதியது:

அப்படியானால் 160 இறால் பிடித்ததே வீண் வேலையா?

---

எண்ணாயிரம் எழுதியது:

ஏறக்குறைய. 40 பிடித்தால் மாறுபாடு 0.221, 160 பிடித்தால் 0.160. நாலு மடங்கு உழைப்புக்குக் கால் பங்குக்கு மேல் கொஞ்சம் குறைகிறது. அந்த 120 இறாலின் உழைப்பை இன்னும் மூன்று குளத்துக்குப் பிரித்திருந்தால் ஒவ்வொன்றும் 0.221-இல் மூன்று புதுப் புள்ளி கிடைத்திருக்கும்.

---

வேதை_பண்ணை எழுதியது:

நான் வேதாரண்யம் பக்கம் குளம் வைத்திருப்பவன். கணக்கு பாதி புரிந்தது. ஆனால் எல்லோரும் அந்த n எப்படி வந்தது என்று கேட்காமலே பேசுகிறீர்கள்.

தங்கச்சி, ஒரு வீச்சில் எத்தனை அகப்பட்டது? 10 என்கிற குளத்தில் ஆள் இல்லாமல் நிறுத்தினீர்களா, இல்லை வலை போட்டும் 10-தான் வந்ததா? எனக்கு 1-ஆம் குளத்தின் மேல் சந்தேகம். 30 விட்ட குளம், 10 இறால், 10.6 கிராம். பாதி செத்துப்போய் மிச்சம் இருப்பது கொழுத்தால் இப்படித்தான் இருக்கும். வலையில் குறைவாக வருவதும் பெரிதாக வருவதும் ஒரே காரணத்தால். உங்கள் கணக்கு அதைப் பார்த்து "குறைவாகப் பிடித்தது, நம்பாதே" என்கிறது. நான் பார்த்து "இந்தக் குளத்தில் 30 இல்லை, 15-தான் இருக்கும்" என்பேன்.

இன்னொன்று. செக் ட்ரே பக்கம் வீசினால் தீவனத்துக்கு முண்டியடிக்கும் பெரிய இறால்தான் வரும். நடுக் குளத்தில் வீசினால் வேறு. ஒரே வீச்சில் வந்த 80 இறால், 80 இடத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்த 80 மாதிரி ஆகாது. போன பட்டத்தில் எனக்கே ஆயிற்று. ட்ரே ஓரம் இரண்டு வீச்சு வீசிவிட்டு, 14 கிராம் வந்துவிட்டது என்று வியாபாரியிடம் கவுண்ட் சொன்னேன். அறுவடையில் 12-தான் நின்றது. கிலோவுக்கு 71 என்று பேசியது 83-க்குப் போய், விலையில் அடி வாங்கினேன்.

---

உப்பாறு_22 எழுதியது:

அண்ணா, இதை யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. நோட்டை எடுத்துப் பார்த்தேன்.

1-ஆம் குளத்தில் மூன்று வீச்சு போட்டும் 10-தான். மேலாளர் "அங்கே கொஞ்சம் போயிடுச்சு" என்று அப்போதே சொன்னார், நான் எழுதிக்கொள்ளவில்லை. 6-ஆம் குளம் அப்படி இல்லை, மழை வந்து ஒரே வீச்சோடு நிறுத்திவிட்டோம். 2-ஆம், 7-ஆம் குளங்களின் 160 இரண்டிரண்டு வீச்சில் வந்தது, நான்கு வீச்சும் செக் ட்ரே பக்கம்தான், அங்கே நடைமேடை இருப்பதால். 8-ஆம் குளத்தில் நாலு மூலையிலும் ஒவ்வொன்று, பத்துப் பத்து.

---

எண்ணாயிரம் எழுதியது:

பண்ணைக்காரர் சொன்னது இரண்டு வேறு விஷயம். இரண்டுக்கும் மருந்து வேறு.

வீச்சு பற்றியது நிறையைத் தொடும். ஒரே வீச்சில் வந்தவை ஒன்றுபோல இருந்தால் 160-ஐ 160 என்று எண்ண முடியாது, இரண்டு வீச்சு என்பதற்குப் பக்கத்தில் ஏதோ ஒரு எண்தான் உண்மையான அளவு. அப்போது 160-க்கு உள்ள மதிப்பு இன்னும் இறங்கும், 8-ஆம் குளத்தின் நாலு மூலை 40 அதற்குச் சமமாகவோ மேலாகவோ நிற்கலாம். ட்ரே பக்கம் மட்டும் வீசியதால் பெரிய இறால் வந்திருந்தால் அது மாறுபாடே இல்லை, ஒருபக்கப் பிழை. நிறையால் சரிசெய்ய முடியாது.

1-ஆம் குளம் பற்றியது இன்னும் மோசம். அங்கே x-ஏ தப்பு. விட்ட அடர்த்தி 30, இருக்கும் அடர்த்தி வேறு. எந்த நிறை கொடுத்தாலும் புள்ளி தப்பான இடத்தில்தான் நிற்கும். அதோடு n-உம் y-உம் ஒரே காரணத்தால் அசைகின்றன. நிறை கொடுக்கும் கணக்கு முழுவதும், n எதேச்சையாக வந்தது என்ற நம்பிக்கையில் நிற்பது. அறுவடையில் பிழைப்பு விகிதம் தெரியும் அல்லவா, அதை வைத்து x-ஐத் திருத்திக்கூடப் பார்க்கலாம்.

---

பைதான்பித்தன் எழுதியது:

1-ஆம் குளத்தைத் தூக்கிவிட்டால்?

---

எண்ணாயிரம் எழுதியது:

விட்ட அடர்த்தியின் விளைவுதான் கேள்வி என்றால் சாவும் அந்த விளைவில் ஒரு பகுதி, தூக்கக் கூடாது. இருக்கும் அடர்த்திதான் கேள்வி என்றால் தூக்க வேண்டாம், x-ஐத் திருத்துங்கள். எது கேள்வி என்று உப்பாறுதான் சொல்ல வேண்டும்.

---

உப்பாறு_22 எழுதியது:

ஆய்வேட்டின் தலைப்பில் "விடும் அடர்த்தி" என்றுதான் இருக்கிறது. வழிகாட்டியிடம் நேற்று 3.08-உம் 1.8-உம் காட்டினேன். "நிறை n என்பது புத்தகத்தில் இருக்கிறது, அட்டவணையில் மூன்றாவது நிரலும் சேர்த்துப் போடு, அதற்கு மேல் வேண்டாம்" என்றார். மூன்றையும் போடப் போகிறேன், -0.040-ஐ முன்னால்.

இன்னொன்று. 8-ஆம் குளத்தில் மட்டும் வீச்சு வாரியாக நிறுத்து எழுதியிருக்கிறேன். நாலு வீச்சின் சராசரி 7.2, 8.7, 7.6, 8.5. இதிலிருந்து வீச்சுக்கு வீச்சு வேறுபாடு தெரியுமா?

---

எண்ணாயிரம் எழுதியது:

நாலின் திட்ட விலக்கம் 0.72. இறால்கள் குளத்தில் நன்றாகக் கலந்திருந்தால் பத்துப் பத்தின் சராசரிகள் 1.8/√10, அதாவது 0.57 அளவுக்கு ஆடும். 0.72 அதைவிடக் கூடுதல்தான். ஆனால் நாலே நாலு எண்ணில் இந்த அளவு கூடுதல் சும்மாவும் வரும். இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன், இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அடுத்த தடவை எல்லாக் குளத்திலும் வீச்சு வாரியாக எழுதுங்கள். கூடுதல் வேலை ஒன்றுமில்லை, கூடையை ஒவ்வொரு வீச்சுக்கும் ஒருமுறை தராசில் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

---

வேதை_பண்ணை எழுதியது:

7.2 வந்தது எந்த மூலை? மடை பக்கமா?

---

உப்பாறு_22 எழுதியது:

ஆமாம் அண்ணா, மடை மூலை. 7.6 அதற்கு அடுத்த மூலை. 8.7-உம் 8.5-உம் ஏரேட்டர் பக்கம்.